இரண்டு விசைகள் சேர்ந்து அழுந்தும்போது: கதவுக் கீபேடின் அணியமைப்பு வளர்ந்த கதை

கதவுகளில் இன்று காணும் பன்னிரு விசைக் கீபேடின் முகம் தொலைபேசியிலிருந்து வந்தது. பெல் நிறுவனம் 1963 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் பொத்தான் தொலைபேசியைச் சேவைக்குக் கொண்டுவந்தது. அப்போது பத்துப் பொத்தான்களே இருந்தன. * குறியும் # குறியும் 1968இல் சேர்ந்தன. ஒவ்வொரு நிரைக்கும் ஒரு தாழ்ந்த ஒலி, ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் உயர்ந்த ஒலி என்பது அதன் ஏற்பாடு. 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். ஒரே நிரையில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அந்த நிரையின் ஒலி மட்டுமே எழும்; இணை ஒலி இல்லாததால் தொலைபேசி நிலையம் அதை எண்ணாக ஏற்காது. ஐயத்துக்கு இடமான அழுத்தத்தை ஊகிக்காமல் தள்ளிவிடும் இந்தப் பண்பே கதவுக் கீபேடுக்கும் தேவை என்பது இக்கட்டுரையின் வாதம். பின்வந்த கணினி விசைப்பலகைகள் வேறு வழியில் போயின.

1971இல் வந்த பிசிகாம் 141-பிஎஃப் கணிப்பானில் இன்டெல் 4004 நுண்செயலியே விசைகளை வருடிப் படித்தது. 4003 என்னும் நகர்வுப் பதிவி கம்பிகளுக்கு ஒவ்வொன்றாக உயிரூட்ட, மறுபக்கக் கம்பிகளை மென்பொருள் வாசித்தது. ஏழு கம்பிகளில் பன்னிரண்டு விசைகளை அடக்கும் இன்றைய கீபேடும் இப்படித்தான் இயங்குகிறது. கம்பி மிச்சமானது; கூடவே ஒரு புதுப் பிழையும் வந்தது.

1, 2, 4 மூன்றும் ஒருசேர அழுந்தியிருப்பதாகக் கொள்வோம். மென்பொருள் இரண்டாம் நிரையை 0 வோல்ட்டுக்கு இறக்குகிறது. அது 4 வழியாக முதல் நிரலுக்கும், அங்கிருந்து 1 வழியாக முதல் நிரைக்கும், பிறகு 2 வழியாக இரண்டாம் நிரலுக்கும் போய்ச் சேர்கிறது. யாரும் தொடாத 5 அழுந்தியதாகத் தெரிகிறது. செவ்வகத்தின் மூன்று மூலைகள் மூடினால் நான்காவது மூலை தானே மூடியதுபோல் தோன்றும். இதுவே ‘கோஸ்ட்’ எனப்படும் போலி விசை.

தட்டச்சு விசைப்பலகையில் பல விசைகள் சேர்ந்தழுந்துவது இயல்பு. ஆகவே அங்கே விசைக்கு ஒன்றாக 1N4148 போன்ற டையோடு வைத்துப் பின்னோட்டத்தை அடைத்தார்கள். இன்டெல் 8279 சில்லில் இரு வழிகளும் இருந்தன: எல்லா அழுத்தங்களையும் ஏற்கும் முறை ஒன்று, இரண்டாவது விசை சேர்ந்தால் பூட்டிக்கொள்ளும் முறை மற்றொன்று. முதல் முறையிலும் டையோடு இல்லாமல் போலி விசை ஒழியாது. கதவுக் குறியீடு ஒவ்வொரு எண்ணாகவே வருவதால், பன்னிரண்டு டையோடுகளை விட இரண்டாம் முறையே பொருத்தம் என்பேன். முழு அணியையும் வருடி, சரியாக ஒரே ஒரு விசை மூடியிருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். எல்லா விசைகளும் விடுபட்ட பிறகே அடுத்த எண்ணுக்கு இடம் தர வேண்டும்.

இந்த விதி சரியாக வேலை செய்யக் கம்பியமைப்பும் துணை நிற்க வேண்டும். 1ம் 4ம் சேர்ந்து அழுந்தினால் முதலிரு நிரைகளும் நிரல் வழியாக ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஒன்றை 0 வோல்ட்டிலும் மற்றதை 5 வோல்ட்டிலும் ஓட்டினால் அது குறுக்குச்சுற்று. அதனால் வருடப்படாத நிரைகளை உள்ளீடாக விட்டு வைக்க வேண்டும்:

```
pinMode(row[r], OUTPUT);
digitalWrite(row[r], LOW);
delayMicroseconds(100);
// read the columns here
pinMode(row[r], INPUT);
```

அந்த 100 மைக்ரோவிநாடி எதற்கு? கீபேட் வெளியே, கட்டுப்பாட்டுப் பலகை உள்ளே, இடையில் 10 மீட்டர் கேபிள் என்று கொள்வோம். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் என்றால் ஒரு கம்பிக்கு 1 நானோஃபாரட். 1 அழுந்தியிருக்கும்போது நிரையும் நிரலும் ஒட்டியிருப்பதால் அது 2 நானோஃபாரட். நிரை விடுபட்டதும் இந்தச் சுமையை புல்-அப் மின்தடைதான் மேலே தூக்க வேண்டும். 10 கிலோஓம் என்றால் நேர மாறிலி 20 மைக்ரோவிநாடி. 100 என்பது அதன் ஐந்து மடங்கு. ATmega328P சில்லின் உள்ளக புல்-அப் 20 முதல் 50 கிலோஓம் வரை என்பதால் நேர மாறிலி 100 வரை போகலாம். அதனால் நீண்ட கேபிளுக்கு வெளியே தனி மின்தடை வைப்பதே நல்லது. காத்திராமல் வாசித்தால் நிரல் இன்னும் கீழேயே கிடக்கும். 1 மட்டும் அழுத்தியிருக்க, 4ம் அழுந்தியதாகப் பதிவாகும்.

இதை மூன்று மூலைப் போலியிலிருந்து பிரித்தறிவது எளிது. ஒரு விரல் மட்டும் வைத்தாலே இது வரும். அதுவும் எப்போதும் அதே நிரலில், வருடும் வரிசையில் அடுத்த நிரையில் வரும். காத்திருப்பைக் கூட்டினால் மறையும். மூன்று மூலைப் போலி காத்திருப்பால் மறையாது.

ஒற்றை விசை விதிக்கு ஒரு விலை உண்டு. மழைநீர் புகுந்து 2 ஒட்டிக்கொண்டால் வேறு எந்த எண்ணும் ஏற்கப்படாது, கதவும் திறக்காது. அதனால் ஒரு விசை பத்து விநாடிக்கு மேல் மூடியே இருந்தால் உள்ளே இருப்பவருக்கு எச்சரிக்கை ஒலிக்குமாறு மென்பொருளை எழுத வேண்டும். வெளியே நிற்பவருக்குச் சாவி போன்ற மாற்று வழியும் இருக்க வேண்டும்.