மாதேஸ்வரன் மலையில் ஒரு சமன்பாடு: மாறாத விகிதமும் மாறும் மக்களும்

மேட்டூரிலிருந்து பாலாற்றைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் சாலை இரண்டு மாநிலங்களை இணைக்கிறது. மலையும் அதைச் சுற்றிய காடும் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அது மைசூரு மாவட்டத்துக்குச் சென்றது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. இந்த மாற்றங்களுக்கெல்லாம் முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள் சோளகர்கள். 'போடு' எனப்படும் சிறு குடியிருப்புகளில் வாழும் இவர்கள் பல குலங்களாகப் பிரிந்தவர்கள். ஒரே குலத்துக்குள் மணம் செய்வதில்லை. சமூகத்துக்கு வெளியே மணம் செய்வதும் அரிது.

மக்கள்தொகை மரபியலில் ஒரு பழைய கேள்வி உண்டு: ஒரு மக்கள் தொகுதி இப்போது பரிணமித்துக் கொண்டிருக்கிறதா என்பதை ஒருமுறை எடுத்த இரத்த மாதிரிகளைக் கொண்டு அறிய முடியுமா? பாடநூல்கள் இதற்கு ஹார்டி-வீன்பெர்க் விதியைக் கருவியாகத் தருகின்றன. அந்தக் கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதைச் சோளகர்களைப் போன்ற ஒரு சமூகத்தை முன்னிறுத்திப் பார்த்தால் தெளிவாக விளங்கும்.

விதி பிறந்த கதை 1908ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஜனவரியில் வில்ஹெல்ம் வீன்பெர்க் என்னும் மருத்துவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆற்றிய உரையில் இதனை முன்வைத்தார். அதனை அறியாமலே கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி அதே ஆண்டில் இதே முடிவை 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு கடிதமாக எழுதினார். ஐந்தாண்டுகள் கழித்துச் சென்னையிலிருந்து இராமானுஜன் எழுதிய கடிதத்தைப் பெற்றவர் இவரே. ஓங்குபண்பு காலப்போக்கில் மக்கள் தொகை முழுவதும் பரவிவிடாதா என்ற ஐயம் அன்று விவாதத்தில் இருந்தது. மரபியலாளர் பன்னெட் அதனை ஹார்டியிடம் கொண்டுசென்றார். ஹார்டியின் விடை எளிய இயற்கணிதம். ஒரு மரபணுவின் இரண்டு அல்லீல்களின் நிகழ்வெண்கள் p, q என்க. மணம் சமவாய்ப்பில் நிகழ்ந்து, தேர்வு, சடுதிமாற்றம், குடிபெயர்வு ஆகியவை இல்லாமல், மக்கள் தொகை மிகப் பெரிதாகவும் இருந்தால், அடுத்த தலைமுறையில் மூன்று மரபணு வகைகளும் p² : 2pq : q² என்ற விகிதத்தில் அமையும். அதன்பின் p, q இரண்டும் மாறாமல் நிற்கும். ஓங்குபண்பு என்பதனாலேயே ஓர் அல்லீல் பெருகிவிடாது.

இந்த விதிக்குள் இரண்டு கூற்றுகள் உள்ளன. அல்லீல் நிகழ்வெண் தலைமுறைதோறும் மாறாது என்பது ஒன்று. மரபணு வகைகள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அமையும் என்பது மற்றொன்று. பரிணாமம் என்பது முதல் கூற்று பொய்ப்பது. ஒருமுறை எடுத்த மாதிரியைக் கொண்டு சோதிக்க முடிவதோ இரண்டாவது கூற்றை மட்டுமே. பின்னால் வந்த குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறந்தவை.

தென்னிந்தியாவில் இதற்கு ஏற்ற மரபணு அரிவாள் அணுச் சோகைக்குரியது. 1952இல் லெஹ்மன், கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தில் அரிவாள் பண்பைக் கண்டு வெளியிட்டனர். மலைப்பகுதிச் சமூகங்களுக்குள் அதன் அளவு பெரிதும் வேறுபட்டது. அன்றைய கண்ணாடித் தகட்டுச் சோதனையில் ஆக்சிஜன் குறைந்தவுடன் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் கொள்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரே ஒரு S அல்லீல் உள்ள கடத்துநருக்கும் (AS) இரண்டும் S ஆன நோயாளிக்கும் (SS) அணுக்கள் வளையும். ஆகவே மூன்று வகைகள் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். 100 பேரில் 30 பேருக்கு அணுக்கள் வளைகின்றன என்க. சமநிலை விகிதத்தை ஏற்றுக்கொண்டால் வளையாதோர் p² = 0.70, ஆகவே q ஏறத்தாழ 0.163. அந்த 30 பேரும் கடத்துநர்களே என்றால் q = 0.15. எது சரி என்று தரவு சொல்லாது. q-ஐக் கணிப்பதற்கே சமநிலையை எடுகோளாகக் கொண்டுவிட்டபின், அதே தரவால் சமநிலையைச் சோதிக்க முடியாது. ஹீமோகுளோபினை மின்புலத்தில் பிரித்து AA, AS, SS மூன்றையும் தனித்தனியே எண்ணும் முறை பரவலான பிறகே சோதனைக்குப் பொருள் வந்தது.

அப்படி எண்ணியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவில் கிடைக்கிறது. ஆன்தனி ஆலிசன் இன்றைய தான்சானியாவின் முசோமா பகுதியில் எடுத்து 1956இல் வெளியிட்ட எண்ணிக்கையில் 287 குழந்தைகளில் AA 189, AS 89, SS 9. வயது வந்தோர் 654 பேரில் AA 400, AS 249, SS 5. குழந்தைகளிடம் S அல்லீலின் நிகழ்வெண் 0.186. அதன்படி எதிர்பார்க்க வேண்டியவை 190, 87, 10. உண்மை எண்ணிக்கை ஏறத்தாழ அதுவே. கை-வர்க்க மதிப்பு 0.14 மட்டுமே. வயது வந்தோரிடம் நிகழ்வெண் 0.198, எதிர்பார்ப்பு 421, 208, 26. கடத்துநர்கள் 41 பேர் மிகுதி, SS 21 பேர் குறைவு. கை-வர்க்க மதிப்பு 25.8, ஐந்து விழுக்காட்டு எல்லையான 3.84ஐ அது வெகுவாகத் தாண்டுகிறது. SS குழந்தைகள் இறந்ததையும், மலேரியாவிடமிருந்து கடத்துநர்கள் ஓரளவு காக்கப்பட்டதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது குழந்தைகளின் எண்கள். தேர்வு கடுமையாக நிகழும் அதே ஊரில், அதே சோதனை குழந்தைகளிடம் எதையும் காணவில்லை. மணம் சமவாய்ப்பில் நடந்தால் கருவுறும் ஒவ்வொரு தலைமுறையும் p² : 2pq : q² என்ற விகிதத்தில் புதிதாகத் தொடங்கும். மலேரியா முற்றிலும் மறைந்து, SS பிறப்புகள் எவரும் மகப்பேற்று வயதை எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அடுத்த தலைமுறை நிகழ்வெண் q/(1+q). 0.15 இல் தொடங்கினால் 0.130, 0.115, 0.103 என்று அது இறங்கும். மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவது சாதாரணப் பரிணாமமன்று. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையின் பச்சிளங்குழந்தைகளும் சமநிலைச் சோதனையில் தேறிவிடுவார்கள்.

இந்தியாவில் இன்னொரு மறைப்பும் உண்டு. இங்குள்ள S அல்லீல் பெரும்பாலும் அரபு-இந்திய வகைச் சூழலில் அமைந்தது. அதில் சிசு ஹீமோகுளோபின் அளவு உயர்ந்திருப்பதால் SS உள்ளவர்கள் பலர் வயது வந்தும் வாழ்கிறார்கள். ஆகவே முசோமாவில் கண்ட இடைவெளி இங்குச் சிறுத்துவிடும். அது சிறுத்திருப்பதை வைத்துத் தேர்வு இல்லை என்று முடிவு செய்வது தவறு.

எதிர்த்திசைப் பிழைதான் மாதேஸ்வரன் மலைக்கு நெருக்கமானது. இரண்டு போடுகள் தொலைவில் உள்ளன என்று கற்பனை செய்வோம். ஒன்றில் S நிகழ்வெண் 0.2, மற்றதில் அந்த அல்லீலே இல்லை. ஒவ்வொன்றும் தனக்குள் சரியான சமநிலையில் இருக்கிறது. இரண்டிலும் 200 பேர் வீதம் எடுத்து ஒரே பட்டியலில் சேர்த்தால் AA 328, AS 64, SS 8 கிடைக்கும். ஒன்றுசேர்ந்த நிகழ்வெண் 0.1 தரும் எதிர்பார்ப்பு 324, 72, 4. கை-வர்க்க மதிப்பு 4.94, சமநிலை பொய்த்தது என்று சோதனை அறிவிக்கும். எந்தப் போடிலும் நிகழ்வெண் மாறவில்லை. எங்கும் பரிணாமம் நிகழவில்லை. ஆய்வாளர் இரண்டு தொகுதிகளை ஒன்றாக எண்ணியதே காரணம். ஸ்டென் வாலுண்ட் 1928இல் விளக்கிய இவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. 'சோளகர்' என்ற ஒற்றைப் பெயரின்கீழ் பல குடியிருப்புகளைத் திரட்டும் எந்த ஆய்வும் இதனை முதலில் நீக்க வேண்டும். போடுவாரியாகப் பிரித்து மீண்டும் கணக்கிட்டதும் விலகல் மறைந்தால் அது வாலுண்ட் விளைவு. மறையாவிடில் வேறு காரணம் தேட வேண்டும்.

வேறு காரணங்களில் முதன்மையானது உறவுமணம். குலப் புறமணம் உறவுமணத்தைத் தடுத்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் மாமன் மகளும் அத்தை மகளும் வேறு குலத்தவர்களே. அந்த மணத்துக்குக் குலவிதி தடையில்லை. அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தையின் உட்கலப்புக் கெழு 1/16. உட்கலப்பு மரபணு வகைகளை மாற்றி SS பிறப்புகளைக் கூட்டுகிறது. அல்லீல் நிகழ்வெண்ணை அது தானாக மாற்றுவதில்லை. q = 0.1 எனில் சமவாய்ப்பு மணத்தில் SS பிறப்பு 1000க்கு 10. மாமன், அத்தை மக்களிடையே மணத்தில் ஏறத்தாழ 16. ஒரு குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் நான்கில் ஒரு மணம் இவ்வகையினதானால் சராசரிக் கெழு 1/64. அந்த விலகல் கை-வர்க்க எல்லையைத் தொட ஏறத்தாழ 15,700 பேரின் மாதிரி வேண்டும். காட்டு எல்லைச் சமூகம் ஒன்றில் அத்தனை மாதிரிகளைத் திரட்டுவது கடினம். ஆகவே சில நூறு பேரிடம் எடுத்த சோதனை "விலகல் இல்லை" என்றால், உறவுமணத்தின் விளைவு இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

இன்று இக்கேள்வி பாடநூலுக்குள் மட்டும் இல்லை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டம் பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்துள்ளது. அந்த எண்ணிக்கைகள் மண ஆலோசனைக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் அடிப்படையாகும். AS, SS இரண்டையும் தனியே பதியாத பட்டியலும், போடுகளைக் கலந்த பட்டியலும் சமநிலைக் கணக்கில் தவறான விடையே தரும்.

ஆகவே ஒரு மக்கள் தொகுதி பரிணமிக்கிறதா என்று அறிய வேண்டுமெனில் ஒரே நாளின் மாதிரி போதாது. வயதுத் தொகுதிகளைத் தனித்தனியே எண்ண வேண்டும். பிறந்தோரையும் வயது வந்தோரையும் ஒப்பிட வேண்டும். இயன்றால் அதே போடுகளில் ஒரு தலைமுறை கழித்து மீண்டும் எண்ண வேண்டும். அப்போதும் சிறு மக்கள் தொகையில் நிகழ்வெண் தற்செயலாகவே ஊசலாடும். 200 பேருள்ள போடில் q = 0.1 ஆயின், ஒரு தலைமுறைத் தற்செயல் ஊசலின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 0.015. அதனைத் தாண்டும் மாற்றத்தையே தேர்வு என்று கருதத் தொடங்கலாம். ஹார்டியும் வீன்பெர்க்கும் எழுதியது எதுவும் நிகழாத மக்கள் தொகையின் கணக்கு. மாதேஸ்வரன் மலையில் மணமும் இடப்பெயர்வும் நோயும் தொடர்ந்து நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எது விகிதத்தை மாற்றியது என்பதைச் சொல்லச் சமன்பாட்டோடு போடுகளின் பட்டியலும் வயதுக் கணக்கும் வேண்டும்.