பழைய போட்டோவில் உள்ள யூரியா மூட்டையும் கடையில் வாங்கிய மூட்டையும் ஒன்றுபோல் இல்லையா?

மக்காச்சோளத்துக்கு மேலுரம் இடும் காலம் வந்தால், உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் யூரியா மூட்டைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் சில வருடங்களுக்கு முன் எடுத்த படம், மறுபக்கம் இப்போது வாங்கிய மூட்டை. நிறம் வேறு, பெயர் வேறு, எடை வேறு. ‘இது போலியா?’ என்பது கீழே வரும் கேள்வி. பெரும்பாலும் இரண்டுமே அசல் மூட்டைகளாகத்தான் இருக்கும். கடந்த பத்து வருடங்களில் யூரியாவும் அதன் சாக்கும் அரசு உத்தரவுப்படியே பலமுறை மாறியிருக்கின்றன.

முதல் மாற்றம் 2015ல் வந்தது. விவசாயத்துக்கு விற்கும் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. அதற்கு முன் வந்த யூரியாவில் பெரும்பாலானது பளிச்சென்ற வெள்ளை. பிறகு வந்தது லேசான மஞ்சள் சாயலுடன், வேப்பெண்ணெய் வாசனையோடு இருந்தது. குறைந்தபட்சம் 0.035 சதவீதம் எண்ணெய் இருந்தால் போதும் என்பதுதான் தரக்கட்டுப்பாட்டு அளவு. இவ்வளவு குறைவான எண்ணெய் எல்லா மூட்டையிலும் ஒரே நிறத்தைத் தராது. சேமிப்பில் இருக்கும்போது வாசனையும் குறையும்.

இரண்டாவது மாற்றம் எடை. 2018 மார்ச் முதல் 50 கிலோ மூட்டைக்குப் பதிலாக 45 கிலோ மூட்டை வந்தது. விவசாயிகள் கிலோ கணக்கில் இல்லாமல் மூட்டைக் கணக்கில் உரம் இடுகிறார்கள், மூட்டையைச் சிறிதாக்கினால் பயன்பாடும் குறையும் என்பது இதன் பின்னணி. நம்மை நன்றாகத்தான் கணித்திருக்கிறார்கள்!

மூன்றாவது மாற்றம்தான் கண்ணுக்கு அதிகம் தெரிவது. 2022 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே உரம்’ திட்டம் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பெயர், தனி நிறம், தனிச் சின்னம் இருந்தன. மணலி ஆலையின் ‘விஜய்’ யூரியா, தூத்துக்குடி ஸ்பிக் யூரியா என்று சாக்கைத் தூரத்தில் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது மானிய உரம் எதுவானாலும் பாரத் யூரியா, பாரத் டி.ஏ.பி., பாரத் என்.பி.கே. போன்ற பெயர்களில்தான் வருகிறது. சாக்கின் ஒரு பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பொதுப் பெயருக்கும் திட்டச் சின்னத்துக்கும் உரியது. நிறுவனத்தின் பெயரும் மற்ற விவரங்களும் மீதி ஒரு பங்கில் அடங்க வேண்டும். பழைய சாக்குகளைத் தீர்க்க அந்த வருடக் கடைசி வரை அவகாசம் கொடுத்ததால், சில மாதங்கள் ஒரே கடையில் இரண்டு வகைச் சாக்கும் அடுக்கியிருந்தன. அப்போது எடுத்த படங்களைத்தான் இன்றும் சிலர் ஆதாரமாக அனுப்புகிறார்கள்.

மூன்று படங்களை வைத்துப் பார்ப்போம். 2017ல் எடுத்த படத்தில் நிறுவனப் பெயருடன் 50 கிலோ மூட்டை. 2020 படத்தில் அதே பெயர், 45 கிலோ. 2023 படத்தில் பாரத் யூரியா, 45 கிலோ. மூன்றும் ஒரே ஆலையில் இருந்தே வந்திருக்கலாம். மூன்றிலும் மாறாமல் இருக்க வேண்டியது ஒன்று உண்டு: தழைச்சத்து 46 சதவீதம். சாக்கைச் சந்தேகிக்கும் முன் இந்த வரியையும், நிகர எடையையும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரையும், மாதம், வருடத்தையும் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் இந்தச் சிறிய எழுத்துகள் மங்கிவிடும். படம் எடுத்த தேதியும் தெரியாது, அது கைக்கு வந்த நாள்தான் தெரியும்.

குருணையின் அளவிலும் வித்தியாசம் இருக்கும். பொடிமணியாக வரும் சாதாரண யூரியா பெரும்பாலும் 1 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். பெருங்குருணை யூரியா 2 முதல் 4 மில்லிமீட்டர். துறைமுகத்தில் வந்து இறங்கும் இறக்குமதி யூரியாவில் பெருங்குருணை அதிகம். போன முறை சிறுமணி, இந்த முறை பெருமணி என்பதால் மட்டும் கலப்படம் ஆகிவிடாது. நிறத்தைப் படத்தில் ஒப்பிடுவது இன்னும் மோசம். டியூப்லைட்டில் எடுத்ததும் வெயிலில் எடுத்ததும் ஒரே குருணையை இரண்டு நிறமாகக் காட்டும். செல்போனும் தன் போக்கில் நிறத்தைத் திருத்திக்கொள்ளும்.

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. துணி பிரிண்டிங்கில் சாயம் நன்றாக ஏற யூரியா பயன்படுகிறது. அதற்கென மானியம் இல்லாத தொழிற்சாலைத் தர யூரியா தனியாக விற்கப்படுகிறது. அதில் வேப்பெண்ணெய் இருக்காது, வெள்ளையாக இருக்கும், பெரும்பாலும் 50 கிலோ மூட்டையில் வரும். அதாவது 2015க்கு முந்தைய படத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும்! பழைய படத்தைப் பார்த்து ‘இதுதான் ஒரிஜினல்’ என்று அதை யாராவது விற்க வந்தால், சாக்கில் தொழிற்சாலை உபயோகம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சாக்கு எல்லாம் ஒரே மாதிரி ஆனபின், படத்தோடு பொருந்துவது எதையும் நிரூபிப்பதில்லை. பாரத் என்.பி.கே. என்ற பெயரில் 17-17-17 வரும், 10-26-26 வரும், 20-20-0-13 வரும். போன வருடப் படத்தைக் காட்டி ‘இதே மூட்டை கொடுங்கள்’ என்று கேட்டால் வேறு உரம் கைக்கு வரலாம். போலிச் சாக்கு அடிப்பவரும் அதே படத்தைப் பார்த்துத்தான் அடிப்பார்.

அதனால் தையலைப் பாருங்கள். இயந்திரத் தையல் ஒரே சீராக, பிரித்துத் தைத்த பழைய ஊசி ஓட்டைகள் இல்லாமல் இருக்க வேண்டும். ஆதார் பதிவு செய்து பி.ஓ.எஸ். கருவியில் வரும் பில்லை வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அரை ஸ்பூன் யூரியாவை வாணலியில் சூடாக்கலாம். நல்ல யூரியா முழுவதும் உருகி, கொதித்து, ஆவியாகிவிடும். உப்பு உருகாமல் படபடவென்று வெடிக்கும், மணல் அடியில் தங்கும். தண்ணீரில் போட்டால் முழுவதும் கரைந்து, டம்ளர் நன்றாகக் குளிரும். ஆனால் தழைச்சத்து 46 சதவீதம் உள்ளதா, பையூரெட் அளவு மீறியிருக்கிறதா என்பதை இந்தச் சோதனைகள் சொல்லாது. அதற்கு உர ஆய்வகம்தான் வழி. மூட்டையைப் பிரிக்காமல் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள். பிரித்த மூட்டையில் நாம் அள்ளிக்கொண்டு போகும் மாதிரிக்குச் சட்டப்படி மதிப்பில்லை. உர ஆய்வாளர் முறைப்படி எடுக்கும் மாதிரிதான் நடவடிக்கைக்கு உதவும்.

சாக்கு மாறியதில் உண்மையான நஷ்டம் அளவில்தான் வருகிறது. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருந்தது. 45 கிலோவில் 20.7 கிலோதான். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ தழைச்சத்து பரிந்துரை. டி.ஏ.பி.யில் இருந்து கிடைப்பதைக் கழித்து 80 கிலோவை யூரியாவில் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் மூன்றரை மூட்டை. இப்போது அதே மூன்றரை மூட்டை போட்டால் 72 கிலோதான் சேரும், நாலு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். கந்தகம் பூசிய யூரியா கோல்டு என்றால் மூட்டை 40 கிலோ, தழைச்சத்து 37 சதவீதம், ஆக மூட்டைக்கு 14.8 கிலோ. அதில் ஐந்தரை மூட்டை ஆகும்.