தொலைக்காட்சியில் கேம் மோடு

கேம் மோடு என்பது, உள்ளே வரும் படத்துக்கு மெருகேற்றும் வேலைகளில் நேரம் பிடிப்பவற்றை விட்டுவிட்டு, படத்தை உடனே திரைக்கு அனுப்பும் தொலைக்காட்சி அமைப்பு. கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்தியதும் திரையில் பாத்திரம் குதிக்கும்வரை ஆகும் தாமதத்தில் தொலைக்காட்சியின் பங்கை மட்டும் இது குறைக்கிறது. நொடிக்கு 60 படங்கள் வந்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இரண்டு படங்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருகுகிறது. அடுத்த படம் கைக்கு வராமல் நடுப்படத்தைக் கணிக்க வழியில்லை; ஆகவே அங்கே காத்திருப்பு கட்டாயம்.

கேம் மோடு போட்டால் படம் கெட்டுவிடும் என்ற புகாரில் பாதிதான் உண்மை. நீலம் பாய்ந்த வெள்ளையும் எழுத்தோரத்து வெண்கோடும், விட்டுவிட்ட வேலைகளால் வருபவை அல்ல. பெரும்பாலும் அந்த மோடுக்கென ஆலையில் வைத்த அளவுகளால் வருபவை. நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றுவது அந்தந்தப் புள்ளியின் மதிப்பைத் திருத்தும் கணக்கு; அதற்கு அடுத்த படம் தேவையில்லை. எனவே சினிமா மோடில் உள்ள அளவுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கேம் மோடிலும் வெள்ளையை Warm பக்கம் நகர்த்தலாம். மெனு எழுத்தைச் சுற்றியுள்ள வெண்கோடு மறையும்வரை ஷார்ப்னஸைக் குறைக்கலாம். கன்சோல் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ துளையைத் தேர்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும், பல தொலைக்காட்சிகள் துளைக்குத் துளை தனி அளவு வைத்திருப்பதால். எச்டிஆர் கேம் ஓடும்போது வரும் அளவுகளும் பெரும்பாலும் வேறு. கன்சோலில் உள்ள எச்டிஆர் சரிசெய்தலைக் கடைசியாக, கேம் மோடிலேயே மறுபடி ஓட்ட வேண்டும்; மோடு மாறினால் திரையின் உச்ச வெளிச்சமும் மாறக்கூடும்.

கண்ணை நம்பாமல் அளந்தும் பார்க்கலாம். கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனை வைத்து, விரலும் திரையும் ஒருசேரத் தெரியும்படி பதிவுசெய்து, அழுத்தியது முதல் அசைவு வரை படங்களை எண்ண வேண்டும். சினிமா மோடில் 40, கேம் மோடில் 22 என வந்தால் வித்தியாசம் 18 படம், அதாவது 75 மில்லிநொடி. மிச்சமிருக்கும் 22 படத்தில் கன்சோலும் கேமும் எடுக்கும் நேரமும் அடக்கம். தொலைக்காட்சியில் என்ன திருகினாலும் அந்தப் பங்கு குறையாது. ஒரு முறை எண்ணினால் போதாது, பத்து முறை எண்ணிச் சராசரி பார்ப்பது நல்லது. நிறத்தைத் திருத்தியபின் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் அந்தத் திருத்தத்தை அப்படியே விட்டுவிடலாம்.

உண்மையான இழப்பு அசைவில்தான். நொடிக்கு 30 படம் மட்டும் தரும் கேமில் கேமராவைத் திருப்பினால் காட்சி தத்தித் தத்திச் செல்லும். எந்த நிறத்திருத்தமும் அதற்கு உதவாது. கன்சோலும் திரையும் கேமும் 120 படத்துக்கு இடங்கொடுத்தால் அதுவே சரியான வழி: அசைவும் சீராகும், ஒரு படத்தின் காத்திருப்பும் 8.3 மில்லிநொடியாகச் சுருங்கும். சில தொலைக்காட்சிகள் கேம் மோடுக்குள்ளேயே மிதமான வழுவழுப்பைத் தருகின்றன. அது தாமதத்தைக் கொஞ்சம் கூட்டும். நிதானமாக நடக்கும் கதை விளையாட்டுக்கு ஒத்துவரும், சண்டை விளையாட்டுக்கு வராது.