இலத்திரனியல் வாக்களிப்பு இயந்திரம்: திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

இலங்கையின் தேர்தல்கள் இன்றும் கடதாசி வாக்குச்சீட்டிலேயே நடக்கின்றன. திருகோணமலை மாவட்டம் நான்கு உறுப்பினர்களைத் தெரிவுசெய்வதால் ஒரு கட்சியின் பட்டியலில் ஏழு பேர் இடம்பெறுவர். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடியிட்ட பின், சீட்டின் அடியிலுள்ள இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கும் அளிக்கலாம். ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் ஒரு வாக்கு என்ற முறையில் இயங்கும் இந்திய இயந்திரத்தில் இதற்கு இடமில்லை.

அந்த இயந்திரம் முதலில் 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில், ஐம்பது வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்குகளால் வென்றார், தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சாவடிகளில் நடந்த மறுவாக்குப்பதிவின் பின் ஜோஸ் வென்றார். இயந்திரம் பிழையாக எண்ணியதென்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தது. 

அழுத்திய வாக்கு சரியாகப் பதிவானதா என்பதை வாக்காளர் அறிய வழியில்லை என்ற குறை 2013 முதல் அச்சுச்சீட்டால் ஓரளவு தீர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டு அது பெட்டிக்குள் விழும். வெளியே கொண்டுபோக முடியாததால் வாக்கை விலைபேசியவரிடம் காட்டவும் முடியாது. ஆனால் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகள் மட்டுமே கட்டாயமாக எண்ணி ஒப்பிடப்படுகின்றன. முழுவதையும் எண்ணக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை.

தனியாள் இரகசியம் காக்கப்பட்டாலும் ஊரின் இரகசியம் கசிகிறது. ஒவ்வோர் இயந்திரமும் தன் சாவடிக் கணக்கைத் தனியாகக் காட்டும். படிவம் 20இல் அது சாவடிவாரியாக வெளியாகும். எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்பதை வென்றவர் அதில் படித்துக்கொள்ளலாம். பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியை இந்தியத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை.

திருகோணமலைக்கு இந்தக் கசிவு சிறிய விடயமன்று. திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தொகுதிகளிலும் தமிழர், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் அருகருகே இருக்கின்றன. ஒரு வாக்களிப்பு நிலையம் பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குரியதாக அமைந்துவிடும். பாராளுமன்றத் தேர்தலில் பல நிலையங்களின் சீட்டுகளைக் கலந்து எண்ணித் தொகுதி முடிவையே அறிவிப்பதால் கிராமம் மறைந்திருக்கிறது. கடதாசி மட்டும் இந்த மறைப்பைத் தந்துவிடாது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் முடிவை விரைவாகப் பெற வாக்களிப்பு நிலையங்களிலேயே எண்ணினார்கள்; அங்கிருந்த முகவர்கள் தத்தம் ஊரின் கணக்கை அன்றிரவே அறிந்துகொண்டார்கள்.