பங்குனி இருபதாம் நாள்: சேர்வராயன் மலைத் தோட்டக் கணக்குகள் ஆங்கிலமான வழி

தமிழ்ப் பேரேட்டை ஆங்கிலக் கணக்காக மாற்றுவது சொல்லுக்குச் சொல் போடும் வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். பழைய ஏடுகளோடு பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே பெயர்க்கப்படுவது நாள்காட்டியும் எண்ணும் கணக்குத் தலைப்பும். தணிக்கையாளர் சேலத்திலிருந்து மலையேறி வந்து காணும் பிழைகளில் பெரும்பாலானவை பணம் கையாண்டவரின் பிழைகளல்ல, பெயர்த்தவரின் பிழைகள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இந்த வேலை தோட்டங்களோடு தொடங்கியதன்று. 1767க்கும் 1774க்கும் இடையில் செங்கற்பட்டுச் சீமையில் கும்பினியார் நடத்திய அளவையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் கணக்குகளை ஊர்க்கணக்கர்கள் ஓலையில் தமிழில் எழுதினார்கள். அவற்றின் சாரம் ஆங்கிலப் பதிவேடுகளில் ஏறியது. இரண்டுமே இன்றும் கிடைப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. ஓலையில் விரிவாக இருப்பது ஆங்கிலத்தில் சுருங்கிவிடுகிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கைமாறியபோது அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்த மன்றோ, மக்லியோட், கிரகாம் ஆகியோரும் இதே வேலையைச் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் செய்ய நேர்ந்தது. அக்காலக் கச்சேரிகளில் மராத்தியும் புழங்கியதால், ஊர்க்கணக்கு சில இடங்களில் இரண்டு மொழி தாண்டித்தான் ஆங்கிலத்தை அடைந்தது.

மலைமேல் காப்பி வந்தது அதற்குப் பின்னர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பி ஊன்றியது. தோட்டம் துரைகளுடையது, கூலிக்கு ஆள் கட்டியவர் மேஸ்திரி. ஆக, மேஸ்திரியின் பற்று வரவு தமிழில் இருக்க, தோட்டத்து ஆண்டுக் கணக்கு ஆங்கிலத்தில் முடிய வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தவர் தோட்டத்து ரைட்டர். 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்து தணிக்கைத் தொழில் தனி நிறுவனமாக அமைந்த பிறகும் அந்த நடு இருக்கை காலியாகவில்லை.

ரைட்டர் முன் விரிந்த பக்கத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். தலைப்பில் பிள்ளையார் சுழியாக ஓர் ‘உ’. அதே வடிவம்தான் தமிழ் எண்ணில் இரண்டு. கீழே தொகைப் பத்தியிலும் அது வரும். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று குறிகள். எழுத்தாணிக் காலத்து விரைவெழுத்தின் எச்சம் இவை. எண்களோ பழைய முறையில் இட மதிப்பைப் பாராமல் எழுதப்பட்டவை: ௨௰ என்றால் இருபது, ௰௨ என்றால் பன்னிரண்டு. முன்பின் மாறிய ஒரு பார்வை எட்டு ரூபாயை விழுங்கிவிடும். பின்னங்களில் இன்னும் நுட்பம் வேண்டும். ‘மா’ இருபதில் ஒரு பங்கு. ‘மாகாணி’ பதினாறில் ஒரு பங்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் மாகாணி சரியாக ஓர் அணாவாகிறது. மாவை அணா என்று கொண்டால் கணக்கு எங்கோ உதைக்கும்.

இப்போது, விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம்: ‘துன்முகி ௵ பங்குனி ௴ ௨௰ ௳, மேஸ்திரி பற்று ௶ ௹ ௫௰௧.’ ஐம்பத்தொரு ரூபாய். ரைட்டர் இதை 1956-57ஆம் ஆண்டுக் கூலிச் செலவு என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார் என்று கொள்வோம். தொகை சரி. ஆண்டு தவறு, தலைப்புக்கு ஆதாரம் இல்லை.

முதலில் நாள். துன்முகி ஆண்டு 1956 ஏப்ரலில் பிறந்து 1957 ஏப்ரல் நடுவில் முடிந்தது. அவ்வாண்டுப் பங்குனி முதல் நாள் மார்ச் 14. எனவே பங்குனி 18 மார்ச் 31 ஆகிறது, பங்குனி 20 ஏப்ரல் 2. தமிழ் ஆண்டு முடியவில்லை, ஆனால் நிதியாண்டு முடிந்துவிட்டது. இந்த ஐம்பத்தொரு ரூபாய் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர வேண்டியது. பங்குனியின் பிற்பாதிப் பதிவுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலே ஆண்டிறுதிக் குழப்பங்களில் பெரும்பகுதி தெளிந்துவிடும். தோட்டத்தில் காப்பிப் பருவக் கணக்கு அக்டோபரில் தொடங்குவது; வருவாய்த் துறையின் பசலி ஆண்டோ ஜூலை முதல் தேதியில் பிறப்பது. ஒரே மலையில் நான்கு ஆண்டுகள் நடந்தன என்பதை மறந்தவர் ஐந்தொகையை ஒருநாளும் நேர்செய்ய முடியாது.

அடுத்தது தலைப்பு. மேஸ்திரி பெயரில் ‘பற்று’ என்றால் அவர் வாங்கினார் என்று மட்டுமே பொருள். கூலியாக வாங்கினாரா, ஆள் கட்ட முன்பணமாக வாங்கினாரா என்பதை அந்த வரி சொல்லாது. முன்பணம் செலவன்று, ஆட்கள் வேலை செய்து கழியும் வரை தோட்டத்துக்கு வரவேண்டிய கடன். அதைக் கூலி என்று எழுதினால் அந்த ஆண்டு இலாபம் குறையும், கடனும் ஏட்டிலிருந்து மறையும். பின்னால் மேஸ்திரி பாக்கி இல்லை என்று சொன்னால் மறுக்கக் காகிதம் இராது. பாக்கியே இல்லாத மேஸ்திரியிடம் மறுபடி பிடித்தம் செய்யவும் இதே பிழை இடம் தரும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பற்றை அதே பெயரின் பிந்திய வரவோடும் ஆள்வரிசை ஏட்டோடும் வைத்துப் பார்ப்பது. கூலியானால் ஆள்வரிசையில் அத்தனை ஆள்நாள் பதிந்திருக்க வேண்டும்.

அந்த ஏப்ரல் 2க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. முந்தைய நாள்தான் நயா பைசா நடப்புக்கு வந்தது. ரூபாய்க்கு நூறு பைசா ஆனதும் ஓர் அணா ஆறேகால் பைசாவாயிற்று. சில்லறையில் அது ஆறு பைசா. நாற்பத்தெட்டு ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் ஓரணா என்று கணக்கிட்டால் நாற்பத்தெட்டு அணா மூன்று ரூபாயாகி, மொத்தம் ஐம்பத்தொரு ரூபாய். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு ரூபாய் ஆறு பைசா என்று முதலில் மாற்றிப் பிறகு கூட்டினால் 50 ரூபாய் 88 பைசா. பன்னிரண்டு பைசா யாரும் எடுக்காமலே குறைகிறது. மொத்தத்தை அணாவிலேயே கூட்டி, கடைசியில் ஒருமுறை மட்டும் மாற்றுவதே சரியான முறை. அத்தோடு நின்றதா? 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தபோது, 25 இராத்தல் கொண்ட சென்னை மணங்கு கிலோவாக மாறுகையில் இதே சிக்கல் காப்பி எடையிலும் தலைகாட்ட இடமிருந்தது.

பெயர்ப்பு ஒழுங்காக நடக்க மூன்று பத்திகள் போதும் என்பது என் முடிவு. முதல் பத்தியில் மூலம், குறியும் எண்ணும் உள்ளபடியே, ஏட்டின் பக்க எண்ணோடு. இரண்டாவதில் அதைப் படித்த விதம்: நாள், தொகை, பெயர். மூன்றாவதில் ஆங்கிலத் தலைப்பும் தொகையும். படிக்க முடியாத இடத்தைப் படிக்க முடியவில்லை என்றே எழுத வேண்டும். கூட்டுத்தொகைக்குப் பொருந்துமாறு ஊகித்து நிரப்பக் கூடாது. பக்கத்தின் அடிக்கூட்டு ஒத்துவந்தால் தொகைகளைப் படித்தது சரி என்று நம்பலாம். ஆனால் நாளையும் தலைப்பையும் பற்றி அந்தக் கூட்டு எதுவும் சொல்லாது. மேலே கண்ட ஐம்பத்தொரு ரூபாயும் கூட்டில் பொருந்தியேதான் நின்றது.

இந்தக் குறிகள் 2003இல் யூனிகோடில் இடம்பெற்றன. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்கள் 2019இல் சேர்ந்தன. எனவே முதல் பத்தியை இன்று கணினியிலேயே மூலத்தின்படி எழுத முடியும். ஏற்காட்டிலும் சுற்றுமலைகளிலும் பழைய தோட்ட வீடுகளில் பேரேடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஆங்கிலக் கணக்கு இருக்கிறதே என்று தமிழ் ஏட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி வையுங்கள்.