பிரித்த உறையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்காது: டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு அனுப்பும் முறை

ரிங்லெட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண், உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலைப் பட்டம் முடித்தவர். அமெரிக்காவில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. இறுதி டிரான்ஸ்கிரிப்டைப் படித்த பல்கலைக்கழகமே மூடிய உறையில் நேரடியாக அனுப்ப வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அவர் தம் பல்கலைக்கழகத்திற்குத் தொலைபேசியில் அழைத்து, டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவர்கள் பதிவேட்டில் இருந்த வீட்டு முகவரிக்கே அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் தபால் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். கிராணி அதை அப்பாவிடம் கொடுத்தார். பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்த மகிழ்ச்சியில் அப்பா உறையைப் பிரித்துவிட்டார். மகள் அதை மறுபடி மடித்து, டேப் ஒட்டி, தானா ராத்தாவிலிருந்து கூரியரில் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது: கிடைத்த ஆவணம் அதிகாரபூர்வமானது அல்ல, மீண்டும் அனுப்பவும்.

உள்ளே இருந்தது அசல் தாள்தான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. பிறகு ஏன் மறுத்தார்கள்?

டிரான்ஸ்கிரிப்ட் என்பது பட்டச் சான்றிதழ் அல்ல. நீங்கள் ஒவ்வொரு தவணையிலும் எடுத்த பாடங்கள், அவற்றின் கிரெடிட் நேரம், கிடைத்த கிரேடு, மொத்த சராசரி, பட்டம் வழங்கப்பட்ட நாள் ஆகிய எல்லாம் அடங்கிய பதிவு. அதை வாங்கும் அலுவலகம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. மாணவர் கையில் இருந்து வருவது ஒன்று. வழங்கிய பல்கலைக்கழகத்தின் கையில் இருந்து வருவது இன்னொன்று. தாள் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் வந்த வழி வேறு. அவர்களைப் பொறுத்தவரை அதிகாரபூர்வம் என்பது அந்த வழியைத்தான் குறிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நம் பல்கலைக்கழகத்தின் தாள் எப்படி இருக்கும், பதிவாளரின் கையெழுத்து எது என்று அங்கே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்குத் தெரியாது. பல நாடுகளிலிருந்து அவர் மேசைக்குத் தாள்கள் வருகின்றன. அவர் உடனடியாகப் பார்க்கக்கூடியது உறையின் பின்பக்க மடிப்பை மட்டும்தான். மடிப்பின் குறுக்கே பாதி மடிப்பிலும் பாதி உறையிலும் விழும்படி போட்ட கையெழுத்து அல்லது முத்திரை அப்படியே இருந்தால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். மடிப்பைத் திறந்தால் அந்தக் கோடு விலகிவிடும்; டேப் ஒட்டினாலும் பழையபடி சேராது. உள்ளே ஒரு தாள் மாற்றப்பட்டதா இல்லையா என்று அவரால் சொல்ல முடியாததால், யாரையும் குற்றம் சாட்டாமல், எல்லாருக்கும் ஒரே விதியாக மறுத்துவிடுகிறார். உங்கள் நேர்மையைச் சந்தேகிக்கிறார் என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

இங்கே நமக்கு ஒரு பழக்கம் தடையாக நிற்கிறது. மலேசியாவில் எந்த விண்ணப்பத்திற்கும் நகல் எடுத்து, பள்ளி முதல்வரிடமோ தலைமையாசிரியரிடமோ உயர்நிலை அரசு அதிகாரியிடமோ 'அசலுடன் ஒத்துள்ளது' என்று முத்திரை வாங்கி அனுப்பியே வளர்ந்திருக்கிறோம். அதே பழக்கத்தில் சிலர் சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த முத்திரை, நகல் அசலைப் போல இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அசல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஆகவே மூடிய உறை கேட்கும் இடத்தில் அது செல்லாது. சான்றளித்த நகலையே ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. முதல் கட்டத்தில் ஸ்கேன் நகலே போதும், சேரும் முன் மட்டும் மூடிய உறை வேண்டும் என்பவையும் பல. அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பகுதியை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

அந்தப் பெண் இரண்டாவது முறை செய்ததைச் சொல்கிறேன். கோலாலம்பூர் பக்கம் போக வேண்டுமென்றால் தாப்பா வழியாக மலை இறங்கி ஒரு நாள் போய்விடும், அவர் போகவில்லை. பதிவாளர் அலுவலகத்தின் கல்விப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினார். முழுப்பெயர், அடையாள அட்டை எண், மாணவர் பதிவு எண், படிப்பு, முடித்த ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்தார். தம் பதிவை இன்ன பல்கலைக்கழகத்திற்கு அனுப்பச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலுடன் இணைத்தார். மூன்றாவது ஆளுக்கு உங்கள் மதிப்பெண்ணைக் கொடுக்கும் எந்த அலுவலகமும் இந்தச் சம்மதத்தைக் கேட்கும்.

அவர் கேட்டது இரண்டு பிரதி. இதுதான் முழு விஷயத்திலும் முக்கியமான இடம் என்பேன். ஒன்று மூடிய உறையில் நேராக அமெரிக்காவுக்கு. மற்றொன்று மாணவர் பிரதியாக வீட்டுக்கு. வீட்டுக்கு வருவதை அப்பா தாராளமாகப் பிரிக்கலாம், உறவினருக்குக் காட்டலாம். அதைவிட, பிழை இருந்தால் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. மூடிய உறைக்குள் பெயரோ ஒரு பாடத்தின் கிரேடோ தவறாக இருந்தால், அது கடல் கடந்து போன பிறகுதான் தெரியவரும். அதனால் மாணவர் பிரதியை முதலில் வாங்கி, சரிபார்த்து, பிறகே மற்றதை அனுப்பச் சொன்னார்.

சரிபார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். கீழே பட்டம் வழங்கிய நாள் அச்சாகியிருந்தது. இது எப்போதும் இருக்காது. கடைசித் தேர்வு முடிவு வந்ததும் அவசரப்பட்டுக் கேட்டால், பல்கலைக்கழக செனட் பட்டத்தை அங்கீகரிக்கும் முன் அச்சிட்ட தாள் வரும். அதில் பாடங்கள் இருக்கும், பட்டம் இருக்காது. இறுதி டிரான்ஸ்கிரிப்ட் கேட்டவர்கள் அதைத் தள்ளிவிடுவார்கள். நூலக அபராதமோ கட்டண பாக்கியோ இருந்தாலும் அலுவலகம் நிறுத்தி வைக்கலாம். சிலர் ஒரு புத்தகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தாள் மலாயில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பிரதியையும் அதே அலுவலகத்திடமே கேளுங்கள். நீங்கள் வெளியில் மொழிபெயர்த்தால் அது துணை ஆவணம்தான். மூடிய அசலுக்கு மாற்றாகாது.

அடுத்தது பெயர். நம் ஆட்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். அடையாள அட்டையிலும் டிரான்ஸ்கிரிப்டிலும் a/p, a/l போட்டு அப்பா பெயர் இருக்கும். அமெரிக்க விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். சாய்கோட்டையும் சில படிவங்கள் ஏற்காது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, நம் பெயரை முதற்பெயராக நிரப்புவோம். உறை போய்ச் சேர்ந்த பிறகு அந்த அலுவலர் உறையில் இருக்கும் பெயரைக் கணினியில் தேடினால் ஆளே கிடைக்காது. கூரியர் 'ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டும், விண்ணப்பப் பக்கம் 'இன்னும் வரவில்லை' என்று காட்டும். ஆகவே விண்ணப்ப எண், பிறந்த தேதி, விண்ணப்பத்தில் எழுதிய பெயர் ஆகிய மூன்றையும் உறையின் வெளியே எழுதும்படியும், உள்ளே ஒரு சிறு குறிப்பாக வைக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும் அலுவலகம் இதைத் தானாகச் செய்யாது.

உறையைத் தயாரிப்பவரும் அனுப்புபவரும் பல்கலைக்கழகமே. கூரியர் கட்டணத்தை நீங்கள் கட்டலாம். கட்டிய கூரியர் சீட்டை அவர்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் சீட்டில் அனுப்புநர் இடத்தில் பல்கலைக்கழக முகவரி இருக்கட்டும், உங்கள் தோட்ட முகவரி வேண்டாம். நேரில் போய் மூடிய உறையைக் கையில் வாங்கி வந்து, அதைப் பிரிக்காமல் பெரிய உறைக்குள் வைத்து அனுப்ப அனுமதிக்கும் இடங்களும் உண்டு. ஆனால் அது அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தால்தான்.

மின்வழியில் அனுப்பும் வசதி இரு பக்கமும் இருந்தால் அதுவே எளிது. அங்கும் விதி ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் .edu.my முகவரியிலிருந்து அல்லது அது பயன்படுத்தும் பாதுகாப்பான இணைப்பிலிருந்து நேராகப் போக வேண்டும். உங்களுக்கு வந்த கோப்பை நீங்கள் மேல் அனுப்பினால், அது பிரித்த உறைதான். மின்கையொப்பம் உள்ள கோப்பை அச்சிட்டு ஸ்கேன் செய்தாலும் அந்தக் கையொப்பம் போய்விடும்.

யார் வழங்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். தனியார் கல்லூரியில் மூன்று ஆண்டும் இங்கேயே படித்து, பட்டத்தை மட்டும் பிரிட்டனின் ஒரு பல்கலைக்கழகம் வழங்கியிருந்தால், கல்லூரி அனுப்பும் உறை மட்டும் போதாமல் போகலாம். பட்டம் வழங்கிய இடத்திடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் இணைப்புக் கல்லூரியில் படித்தவர்களுக்கும் அப்படித்தான்: பட்டம் பல்கலைக்கழகத்துடையது என்றால் அங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்தான் வாசல். கனடா குடியேற்றத்திற்காக டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவோருக்கு ஒரு குறிப்பு எண்ணும் கோரிக்கைப் படிவமும் வரும். அந்தப் படிவத்தைப் பல்கலைக்கழகம் நிரப்பி டிரான்ஸ்கிரிப்டுடன் வைக்க வேண்டும். எண் இல்லாத உறை யாருடையது என்று கண்டுபிடிப்பதே பாடு.

எஸ்.பி.எம். முடித்து நேரடியாக வெளிநாடு போகிறவர்களிடம் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். அமெரிக்கக் கணக்கில் அது உயர்நிலைப் பள்ளியின் ஒவ்வோர் ஆண்டு மதிப்பெண். அதைப் பள்ளி அலுவலகம்தான் தயாரிக்க முடியும்; பள்ளித் தாளில் அச்சிட்டு, முதல்வர் கையெழுத்திட்டு, மடிப்பில் முத்திரை வைத்து மூட வேண்டும். எஸ்.பி.எம். முடிவை உறுதிப்படுத்தும் கடிதத்திற்குப் புத்ராஜெயாவில் உள்ள தேர்வு வாரியம், எஸ்.டி.பி.எம். என்றால் மலேசியத் தேர்வு மன்றம். இரண்டும் வேறு அலுவலகங்கள். ஒன்றிடம் கேட்டதை மற்றதிடம் எதிர்பார்த்து நாள் கடத்தாதீர்கள்.

அனுப்பிய பிறகு கூரியர் எண்ணைக் கையில் வைத்திருங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து விண்ணப்பப் பக்கம் மாற இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்குள் இரண்டாவது உறை அனுப்பினால் குழப்பம்தான் மிஞ்சும். அதன் பிறகும் மாறவில்லை என்றால் விண்ணப்ப எண், கூரியர் எண், ஒப்படைத்த தேதி, இரண்டு விதமாக எழுதப்படும் உங்கள் பெயர் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

உறையை ஏற்கெனவே பிரித்துவிட்டவர்கள் அதை ஒட்டி அனுப்ப வேண்டாம். அது இனி உங்கள் மாணவர் பிரதி. அன்றைக்கே உங்கள் பல்கலைக்கழகத்திடம் இன்னொன்றைக் கேளுங்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு, புதியது வரும் வழியில் இருக்கிறது, அதுவரை ஸ்கேன் நகலை ஏற்க முடியுமா என்று எழுதுங்கள். வகுப்பு தொடங்கும் முன் மூடிய உறை வந்தால் போதும் என்று பல இடங்கள் சொல்வதுண்டு. அந்தப் பெண்ணுக்கும் அப்படியே சொன்னார்கள்.