8 சி.ஜி.பி.ஏ எட்டுமா? மீதி செமஸ்டர்களுக்கு ஒரு கணக்கு!

ரிசல்ட் வந்த அன்னிக்கு எல்லாரும் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். சி.ஜி.பி.ஏ 7.4. "பரவாயில்ல, இன்னும் நாலு செமஸ்டர் இருக்கு, 8-க்கு கொண்டு வந்துடலாம்" என்று மனசைத் தேத்திக்கிட்டு போனை வைத்துவிடுவோம். கொண்டுவர முடியுமா, முடியாதா என்பதை அன்னிக்கே அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். இப்போ போற வேகத்திலேயே போனா கடைசியில் எங்கே நிற்போம்? நினைச்ச இடத்துக்குப் போகணும்னா இனிமே என்ன வேகம் வேணும்? இரண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தால் நிலைமை புரிந்துவிடும்.

அண்ணா பல்கலைக்கழக இன்ஜினீயரிங் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 'ஓ' வாங்கினால் 10 புள்ளி, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, 'பி பிளஸ்' 7, 'பி' 6, 'சி' 5. ஒவ்வொரு பேப்பரின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சி.ஜி.பி.ஏ. செமஸ்டர் ஜி.பி.ஏ-க்களை அப்படியே கூட்டி, செமஸ்டர் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் கிரெடிட் வேற வேற என்பதால் அந்த விடை தப்பாக வரும்.

இப்போ உங்க கோர்ஸ் மொத்தம் 160 கிரெடிட், நாலு செமஸ்டரில் 90 முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜி.பி.ஏ முறையே 7.00, 6.88, 7.68, 8.14. சி.ஜி.பி.ஏ 7.4. அதாவது, 90 கிரெடிட்டில் 666 புள்ளிகள் கையில் இருக்கின்றன. பாக்கி 70 கிரெடிட்.

உங்க வேகம் எது?

7.4-ஐயே வேகமாக எடுத்தால் கடைசியிலும் 7.4-தான் வரும். ஆனா, முதல் வருஷம் தடுமாறிட்டு இப்போ நல்லா எழுதுற ஒருத்தருக்கு அது நியாயமான கணக்கு இல்லை. அதுக்காக 8.14-ஐ மட்டும் எடுத்தால் ஒரு நல்ல செமஸ்டரை நம்பி ஏமாறலாம். என் கருத்தில், கடைசி இரண்டு செமஸ்டரைச் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி. அது 7.9 வருகிறது. தாராளமா 8 என்றே வைத்துக்கொள்வோம். 70 கிரெடிட்டிலும் 8 வாங்கினால் 560 புள்ளி. 666-உடன் சேர்த்து 1226. 160-ஆல் வகுத்தால் 7.66. இது இப்போதைய வேகம் கொண்டுபோய் விடும் இடம்.

அடுத்து, தேவைப்படும் வேகம். டார்கெட் 8 என்றால் 160 கிரெடிட்டுக்கு 1280 புள்ளி வேணும். 666 போக மீதி 614. அதை 70-ஆல் வகுத்தால் 8.77. மீதி இருக்கிற நாலு செமஸ்டரிலும் சராசரியா இந்த ஜி.பி.ஏ வரணும். டிஸ்டிங்ஷனுக்கு வேண்டிய 8.5-தான் கனவு என்றால் இதே கணக்கு 9.91 காட்டும். கிட்டத்தட்ட எல்லா பேப்பரிலும் 'ஓ'. அந்த டார்கெட்டை இப்பவே கைவிட்டுட்டு 8-ஐப் பிடிக்கலாமா என்று யோசிப்பது நல்லது.

போனில் இருக்கும் ஷீட்ஸ் ஆப்பிலேயே இதைப் போட்டுக்கொள்ளலாம். B1-ல் சி.ஜி.பி.ஏ, B2-ல் முடித்த கிரெடிட், B3-ல் மொத்த கிரெடிட், B4-ல் டார்கெட், B5-ல் இப்போதைய வேகம். முதல் வரி எங்கே போய் நிற்பீர்கள் என்பதற்கு, இரண்டாவது வரி என்ன வேகம் வேண்டும் என்பதற்கு.

```
=(B1*B2+B5*(B3-B2))/B3
=(B4*B3-B1*B2)/(B3-B2)
```

8-க்கும் 8.77-க்கும் நடுவில் முக்கால் புள்ளிதானே என்று தோன்றும். அதை பேப்பராக மாற்றிப் பாருங்கள். 614-ல் 560 போனால் 54 புள்ளி குறைகிறது. 3 கிரெடிட் பேப்பர் ஒன்றில் ஒரு கிரேடு ஏறினால் 3 புள்ளி கிடைக்கும். அப்படி 18 பேப்பரில் ஏறணும். 10 கிரெடிட் ஃபைனல் புராஜெக்ட்டைக் கழித்தால் பாக்கி 60 கிரெடிட், அதாவது சுமார் 20 பேப்பர்தான் இருக்கிறது. புராஜெக்ட்டில் 'ஓ' வாங்கினால் அதிலேயே 20 புள்ளி தேறும். அப்பவும் 12 பேப்பரில் 'ஏ' வாங்கும் இடத்தில் 'ஏ பிளஸ்' வாங்கியாகணும். இது கஷ்டம்தான், ஆனா நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

"அஞ்சாவது செமஸ்டர் போகட்டும், அடுத்ததுல பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு இந்தக் கணக்கு. அஞ்சாவது செமஸ்டர் 23 கிரெடிட், அதிலும் அதே 8 என்றால் தேவைப்படும் வேகம் 8.77-லிருந்து 9.15 ஆகிவிடும். ஆறாவது 22 கிரெடிட்டிலும் அதே 8 என்றால்? மீதி 25 கிரெடிட்டுக்குத் தேவை 10.16. இருக்கிறதே 10-தான்! ஜி.பி.ஏ குறையவே இல்லை, எதிலும் ஃபெயில் ஆகவும் இல்லை. ஆனாலும், ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வரும் அன்னிக்கு 8 என்ற டார்கெட் முடிந்துபோகிறது. கடைசி இரண்டு செமஸ்டரில் கிரெடிட் குறைவு. அங்கே போய் சரிசெய்ய இடமே இல்லை.

பிளேஸ்மென்ட் மட்டும்தான் உங்க கவலை என்றால் 160-ஐ மறந்துவிடுங்கள். பல கல்லூரிகளில் கம்பெனிகள் ஏழாவது செமஸ்டரிலேயே வர ஆரம்பித்துவிடும். அப்போ ஃபார்மில் நிரப்பப் போவது ஆறாவது வரையான சி.ஜி.பி.ஏ. B3-ல் 135 போடுங்கள். கட்-ஆஃப் 7.5 என்றால் தேவைப்படும் வேகம் 7.7. உங்க வேகம் 8. ஆறு செமஸ்டர் முடியும்போது 7.6-ல் இருப்பீர்கள், கட்-ஆஃபைத் தாண்டிவிடலாம். அதே ஆள், அதே வேகம், ஒரு டார்கெட் கைக்கு எட்டுது, இன்னொண்ணு எட்டல!

அரியர் இருக்கா?

அப்படின்னா ஸ்க்ரீனில் தெரியும் சி.ஜி.பி.ஏ-வை முழுசா நம்பாதீங்க. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பாஸ் ஆன பேப்பர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வரும். 'யூ' வந்த பேப்பர் புள்ளியைக் குறைக்காது, கிரெடிட்டையும் கூட்டாது. கணக்கிலேயே இல்லாமல் வெளியே நிற்கும். 4 கிரெடிட் மேத்ஸ் ஒன்று பாக்கி என்றால், அதுவும் அந்த 70-க்குள்தான் இருக்கிறது. அதை 'சி' வாங்கித் தாண்டினால் கிடைப்பது 20 புள்ளி. மீதி 66 கிரெடிட்டுக்குத் தேவையான வேகம் 8.77 இல்லை, 9. டிஸ்டிங்ஷனும் போய்விடும், ஏன்னா அதுக்கு எல்லா பேப்பரையும் முதல் முறை எழுதும்போதே பாஸ் பண்ணியிருக்கணும்.

அதனால் B2-ல் எண்ணைப் போடும் முன் முடித்த செமஸ்டர்களின் கிரெடிட்டை அப்படியே கூட்டிப் போடாமல், பாஸ் ஆன பேப்பர்களின் கிரெடிட்டை மட்டும் மார்க் ஷீட் பார்த்து எண்ணிப் போடுங்கள். உங்க கோர்ஸின் மொத்த கிரெடிட் எவ்வளவு என்பது சிலபஸ் புத்தகத்தில் இருக்கும். எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரே எண் இல்லை, ஃப்ரெண்டிடம் கேட்டுப் போட்டுடாதீங்க.